சராசரி 21 ரூபாய் யாருடையது? குழுவோடு சேர்ந்து படிக்க ஒரு சிறு புத்தகமும் அதற்கான மெயிலும்

கேள்வி: “கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளோடு வேலை செய்யும் எட்டுப் பேர் குழுவுக்கு நான் டீம் லீட். ஆறு பேர் களப்பணி, இரண்டு பேர் ஆபீஸில் எக்செல். மாத அறிக்கையில் நாங்கள் போட்ட சராசரி விலையை ஒரு விவசாயி கூட்டத்தில் எழுந்து கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. எல்லோரும் சேர்ந்து படிக்க ஒரு சின்னப் புத்தகத்தை மெயிலில் சொல்லலாம் என்று இருக்கிறேன். எந்தப் புத்தகம், ஏன் என்று எப்படி எழுதுவது, என்ன கேள்விகள் கொடுப்பது? யாரையும் குற்றம் சொல்வதுபோல் இருக்கக் கூடாது.”

புத்தகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டேரல் ஹஃப் எழுதி 1954-இல் வெளிவந்த ‘ஹவ் டு லை வித் ஸ்டாடிஸ்டிக்ஸ்’. முதல் பதிப்பு 142 பக்கம், பத்து அத்தியாயம், இடையிடையே இர்விங் கைஸ் வரைந்த படங்கள். தலைப்பு பொய் சொல்லக் கற்றுத்தருவதுபோல் இருந்தாலும், புத்தகம் செய்வது நேர்மாறான வேலை: ஒரு எண்ணைப் பார்த்ததும் அது எதை மறைக்கிறது என்று கேட்கப் பழக்குகிறது. சூத்திரங்கள் கிடையாது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஹஃப் பத்திரிகைக்காரர், புள்ளியியல் பேராசிரியர் அல்ல. அதனால்தான் களப்பணியாளரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அதனாலேயே சில இடங்களில் ஆழம் போதாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முழுப் புத்தகத்தையும் படிக்கச் சொல்லாதீர்கள். எட்டுப் பேருக்கு 142 பக்க ஆங்கிலப் புத்தகம் என்றால் இரண்டு பேர் முடிப்பார்கள், மூன்று பேர் முதல் அத்தியாயத்தில் நிற்பார்கள், மீதிப் பேர் கூட்டத்தில் தலையை ஆட்டுவார்கள். உங்கள் சிக்கலுக்கு மூன்று அத்தியாயங்கள் போதும். இரண்டாவது, ‘சராசரி’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது. எட்டாவது, ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று எழுதிவிடும் பழக்கம். பத்தாவது, எந்த எண்ணையும் எதிர்த்துக் கேட்க ஐந்து கேள்விகள். மூன்றும் சிறியவை. ஒவ்வொன்றையும் ஒரே மாலையில் படித்துவிடலாம்.

மெயில் எழுத உட்காருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அந்த விவசாயி கேட்ட எண்ணை எடுத்து, அது எப்படி வந்தது என்று நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். புத்தகத்தை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாளைவிட நல்ல காரணம் கிடைக்காது. உங்கள் தாள் என்னிடம் இல்லை என்பதால் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஒன்பது விவசாயிகள் ஒரு மாதத்தில் கொடுத்த பசுந்தேயிலை, கிலோவில்: 110, 130, 140, 150, 160, 180, 210, 640, 980. மொத்தம் 2,700 கிலோ. இதில் 110, 130, 210 கிலோ கொடுத்த மூவர் இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துப் பறித்து, தரம் பார்த்து வாங்கும் ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு கிலோ 24 ரூபாய். மற்ற ஆறு பேரும் வழக்கமான தொழிற்சாலைக்குக் கொடுத்தார்கள், கிலோ 18 ரூபாய். இப்போது ‘சராசரி விலை என்ன’ என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும், மூன்றுமே கணக்குப்படி சரி. தொழிற்சாலைகள் கொடுத்த விலைகளின் சராசரி: 18-ம் 24-ம் சேர்ந்து இரண்டால் வகுத்தால் 21 ரூபாய். விவசாயிக்கு ஒரு விலை என்று எடுத்தால்: மூன்று பேருக்கு 24, ஆறு பேருக்கு 18, ஒன்பதால் வகுத்தால் 20 ரூபாய். கிலோவுக்கு என்று எடுத்தால்: 450 கிலோ 24 ரூபாய்க்கும் 2,250 கிலோ 18 ரூபாய்க்கும் போயிருக்கிறது, வந்த பணம் 51,300 ரூபாய், அதை 2,700-ஆல் வகுத்தால் 19 ரூபாய். இதோடு நான்காவதாக ஒன்று. ஒன்பது பேரையும் விலைப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரிடம் கேட்டால் அவர் வாங்கியது 18 ரூபாய்.

ஒன்பது பேரில் ஒருவர்கூட 21 ரூபாய் வாங்கவில்லை. ஆறு பேர் 18 வாங்கியிருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் எழுந்து நின்றவர் பெரும்பாலும் இப்படி ஒரு ஆறில் ஒருவராகத்தான் இருப்பார். அவர் கையில் ரசீது இருக்கிறது, உங்கள் கையில் சராசரி இருக்கிறது.

எக்செலில் இந்தத் தவறு எப்படி நுழைகிறது என்பதையும் ஆபீஸில் இருக்கும் இருவருக்கும் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் தொழிற்சாலைவாரியாக ஒரு சுருக்கத் தாள் இருக்கும். B பத்தியில் கிலோ, C பத்தியில் விலை. அந்தச் சுருக்கத்தின் மேல் நேராகச் சராசரி போட்டால் முதல் வரி, எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டாவது வரி:

```
=AVERAGE(C2:C3)
=SUMPRODUCT(B2:B3,C2:C3)/SUM(B2:B3)
```

முதலாவது 21 தரும், இரண்டாவது 19 தரும். இன்னொரு பொறியும் இதே இடத்தில் இருக்கிறது. அந்த மாதம் கவாத்து செய்ததால், அதாவது செடிகளை வெட்டிவிட்டதால், இலையே கொடுக்காத இரண்டு பேரின் கட்டத்தைக் காலியாக விட்டால் `AVERAGE` அவர்களை எண்ணிக்கையில் சேர்க்காது. 0 என்று தட்டினால் சேர்த்துவிடும். மேலே உள்ள ஒன்பது பேரின் சராசரி இலை 300 கிலோ. அந்த இருவரையும் பூஜ்யமாகப் போட்டால் 245 ஆகிவிடும். இரண்டில் எது சரி என்பது நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. ஆனால் ஒரு களப்பணியாளர் காலியாகவும் இன்னொருவர் பூஜ்யமாகவும் போட்டால், இரண்டு ஊர்களை ஒப்பிட்ட அட்டவணைக்கு அர்த்தமே இல்லை. இதைப் புத்தகம் சொல்லாது. உங்கள் தாள்தான் சொல்லும்.

அந்த 300 கிலோவையும் ஒருமுறை நின்று பாருங்கள். ஒன்பதில் ஏழு பேர் அதற்குக் கீழே. நடுவில் நிற்பவர் கொடுத்தது 160. பெரிய தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பேர் சராசரியை மேலே இழுத்திருக்கிறார்கள். ‘சராசரி விவசாயி மாதம் 300 கிலோ கொடுக்கிறார்’ என்று எழுதினால் அந்த ஊரில் அப்படி ஒருவரும் இல்லை.

இனி மெயில். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: தவறை உங்கள் பெயரில் எழுதுங்கள். அறிக்கையில் எண்ணைப் போட்டவர் யார் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். ‘நம்மில் சிலர் கவனக்குறைவாக’ என்று எழுதினால் பெயரைச் சொல்லாமலே சொன்னதாகிவிடும். கடைசியாகப் பார்த்து அனுப்பியவர் நீங்கள், அதனால் அது உண்மையிலேயே உங்கள் பொறுப்பும்கூட. புத்தகத்தைப் புகழ்ந்து பத்தி பத்தியாக எழுத வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேல் போகவும் வேண்டாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

> பொருள்: ஒரு சிறு புத்தகம், மூன்று அத்தியாயம், மூன்று புதன்கிழமை
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> போன மாத அறிக்கையில் பசுந்தேயிலைக்குச் சராசரி விலை கிலோ 21 ரூபாய் என்று போட்டிருந்தோம். “எங்களில் முக்கால்வாசிப் பேர் 18 ரூபாய்தானே வாங்கினோம்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. எதனுடைய சராசரி என்பதை நாம் எழுதவில்லை. அறிக்கையைக் கடைசியாகப் பார்த்து அனுப்பியது நான், அந்த வரியில் நான் நின்றிருக்க வேண்டும்.
>
> இந்தச் சிக்கலைப் பற்றி டேரல் ஹஃப் எழுதிய ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது: ‘ஹவ் டு லை வித் ஸ்டாடிஸ்டிக்ஸ்’. சேர்ந்து படிக்கலாம் என்று நினைக்கிறேன். இதை எடுத்ததற்குக் காரணம் இரண்டு. நாம் தினமும் செய்யும் வேலையான சராசரி, ஒப்பீடு, வரைபடம் மூன்றையும் இது கணிதம் இல்லாமல் பேசுகிறது. இரண்டாவது, எண்களைக் கேட்கும் இடத்தில் இருப்பவர் எப்படிக் கேட்பார் என்று நமக்குக் காட்டுகிறது. கூட்டத்தில் கேட்டவர் இடத்தில் நாம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.
>
> முழுதும் படிக்க வேண்டாம். 2, 8, 10 ஆகிய மூன்று அத்தியாயங்கள் மட்டும், வாரத்துக்கு ஒன்று. வரும் மூன்று புதன்கிழமைகளும் காலை 9.30 முதல் 10.15 வரை, களத்துக்குக் கிளம்பும் முன். ஆபீஸில் மூன்று பிரதிகள் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒருவர் அத்தியாயத்தைத் தமிழில் பத்து நிமிடம் சொல்வார், முதல் வாரம் நான் சொல்கிறேன். படிக்க நேரம் கிடைக்காவிட்டாலும் வாருங்கள். ஆனால் உங்கள் ஊர்ப் பதிவேட்டை எடுத்து வாருங்கள், பேச்சு அதை வைத்துத்தான்.
>
> முதல் வாரத்துக்கு: நம் பதிவேட்டில் உள்ளவர்களில் எத்தனை பேர் 21 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்? எண்ணிக்கொண்டு வாருங்கள். தேயிலை வாரியம் அறிவிக்கும் மாவட்டச் சராசரி விலையோடு ஒப்பிட நம்முடைய எந்தச் சராசரி பொருந்தும்? ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பேச எது பொருந்தும்?
>
> இரண்டாம் வாரத்துக்கு: மார்ச் மாதம் பறிப்புப் பயிற்சி கொடுத்தோம், மே மாதம் இலை கூடியது என்று எழுதியிருக்கிறோம். பயிற்சியே நடக்காமல் இருந்திருந்தால் மே மாதம் எவ்வளவு இலை வந்திருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள எந்த ஊரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்?
>
> மூன்றாம் வாரத்துக்கு: நம் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொருவரும் ஒரு எண்ணை எடுத்து, பத்தாம் அத்தியாயத்தின் ஐந்து கேள்விகளையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத கேள்வி எது என்று மட்டும் எழுதி வந்தால் போதும்.
>
> மூன்றாவது புதன்கிழமை முடியும்போது, அடுத்த மாத அறிக்கையில் விலை வரியை எப்படி எழுதுவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

கேள்விகளை ஏன் இப்படி வைத்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மெயில்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ‘இந்த அத்தியாயத்தில் உங்களுக்குப் பிடித்த கருத்து எது?’ என்று கேட்டால் படித்தவர் மட்டும் பேசுவார், அதுவும் ஆங்கிலம் சரளமாக வருபவர். ‘21 ரூபாய் வாங்கியவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்டால் பதிவேடு வைத்திருக்கும் களப்பணியாளர்தான் பேச முடியும். அந்தக் கேள்விக்கு விடை பூஜ்யம் என்பதை அவரே எண்ணிக் கண்டுபிடித்து வருவார். புத்தகம் படிக்காதவருக்கும் கூட்டத்தில் ஒரு இடம் கிடைக்கிறது. புத்தகம் படித்தவர் அந்தப் பூஜ்யத்துக்குப் பெயர் சொல்வார். இருவரும் தேவைப்படுகிறார்கள்.

மாவட்டச் சராசரி பற்றிய கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதைக் கவனியுங்கள். வெளியில் அறிவிக்கப்படும் விலை கிலோவுக்கான விலை. அதோடு ஒப்பிட எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட 19 தான் பொருந்தும். ஆனால் ‘நம்மோடு இருக்கும் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது’ என்று பேசும்போது அந்த 19-ஐ இரண்டு பெரிய தோட்டக்காரர்களின் 1,620 கிலோ ஆட்டிவைக்கிறது. அங்கே ‘ஒன்பதில் ஆறு பேருக்கு 18, மூன்று பேருக்கு 24’ என்று எழுதுவதே நேர்மையானது. ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் சராசரியே வேண்டாம் என்பது என் கருத்து. ஹஃப் கூட்டுச் சராசரி, நடுவில் நிற்பது, அதிகம் வருவது என்று மூன்றைப் பிரித்துக் காட்டுகிறார். எடையைச் சேர்த்துப் போடும் கணக்கை நீங்கள்தான் முதல் வாரம் பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். விலை பேசும் எந்தக் குழுவுக்கும் அதுதான் அதிகம் தேவைப்படுவது.

இரண்டாம் வாரக் கேள்வி நீலகிரிக்காரர்களுக்கு மிக எளிதாகப் பிடிபடும், மிக எளிதாக மறந்தும் போகும். தை, மாசியில் குளிரும் வறட்சியும் சேர்ந்து செடி ஒடுங்கியிருக்கும். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் கொழுந்து கிளம்பும். மார்ச் மாதத்தில் எதைச் செய்துவிட்டு மே மாதத்தில் எடை போட்டாலும் இலை கூடித்தான் இருக்கும். ஒரு மாதிரிக் கணக்கு: பயிற்சி பெற்றவர்கள் மார்ச்சில் 6,000 கிலோ, மே மாதம் 9,000 கிலோ கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது சதவீத உயர்வு, அறிக்கையில் தடித்த எழுத்தில் போடத் தோன்றும். அதே சரிவில் பயிற்சி பெறாதவர்கள் 5,000-இல் இருந்து 7,250-க்குப் போயிருந்தால் அவர்களுக்கும் நாற்பத்தைந்து சதவீதம் கூடியிருக்கிறது. மழை கொடுத்ததை நாம் கொடுத்ததாக எழுதியிருக்கிறோம். மிஞ்சியிருக்கும் ஐந்தையும் பயிற்சியின் கணக்கில் எழுதத் துணிய மாட்டேன். பயிற்சிக்குத் தானாக வந்தவர்கள் ஏற்கெனவே தோட்டத்தை நன்றாகப் பார்ப்பவர்களாக இருக்கலாம். பயிற்சி பெறாதவர்களில் இரண்டு பேர் அந்த வருடம் கவாத்து செய்திருந்தாலே அவர்கள் பக்கத்து எண் இறங்கிவிடும். போன வருட மே மாதத்தோடு ஒப்பிட்டாலும் இந்தக் கவாத்துச் சிக்கல் விடாது. கவாத்து செய்த வருடத்தையும் அதற்கடுத்த வருடத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்தத் தோட்டமும் முன்னேறியதுபோலத்தான் தெரியும். ஆகவே பதிவேட்டில் ‘கடைசியாகக் கவாத்து செய்த மாதம், வருடம்’ என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பத்தியைச் சேர்ப்பதுதான் இரண்டாம் வாரத்தின் பலன்.

பத்தாம் அத்தியாயத்தின் ஐந்து கேள்விகளும் எளிய தமிழில் இப்படி வரும்: யார் சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும், எது விடுபட்டிருக்கிறது, நடுவில் பேச்சு மாறிவிட்டதா, கேட்டால் பொருந்தி வருகிறதா. இதில் நான்காவதை விளக்காமல் விட்டால் யாரும் தொட மாட்டார்கள். உங்கள் வேலையிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. களத்தில் எழுதி வருவது ‘நம் மையத்தில் எடை போட்ட இலை’. அறிக்கையின் தலைப்பில் அது ‘விளைச்சல்’ ஆகிவிடுகிறது. ஒருவர் பாதி இலையை ஊருக்குள் வரும் ஏஜெண்டிடம் கொடுத்திருந்தால் அவருடைய விளைச்சல் குறையவில்லை, நம்மிடம் வந்தது குறைந்திருக்கிறது. எண் அப்படியே இருக்க, அதன் பெயர் மட்டும் மாறிவிட்டது. இந்த ஒன்றை முதலில் காட்டிவிட்டு மீதியை அவர்களிடம் விடுங்கள்.

கூட்டத்தை நடத்துவதில் சில சில்லறை விஷயங்கள். இலை நிறுக்கும் நேரத்திலும் மாதக் கடைசியிலும் வைக்காதீர்கள், ஆளும் வராது மனமும் வராது. தமிழில் சொல்பவர் பத்து நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், மீதி முப்பத்தைந்து நிமிடம் பதிவேட்டுக்கு. வயதில் மூத்த களப்பணியாளர் அண்ணன் ஒருவர் இருப்பார், எல்லா ஊரும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவரை முதலில் பேச வைத்தால் மற்றவர்கள் அவருக்கு மாற்றாகப் பேசத் தயங்குவார்கள். எண்ணிக்கையை எல்லோரும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். அப்போது அவரும் சங்கடப்பட மாட்டார். புத்தகத்தின் திருட்டு பிடிஎஃப் குழுவில் சுற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். பழைய புத்தகம்தானே என்று தோன்றும், ஆனால் ஹஃப் இறந்தது 2001-இல். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. மூன்று பிரதி போதும், இருவருக்கு ஒன்றாகச் சுற்றவிட்டால் வாரத்துக்குள் எல்லோர் கைக்கும் போய்விடும்.

இது பலிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்றால், இரண்டு அறிகுறிகள். முதல் வாரம் சீட்டுகளில் எண் வராமல் ‘சராசரி முக்கியம்’ என்பதுபோல் வாக்கியங்கள் வந்தால், யாரும் பதிவேட்டைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பேச்சை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து எண்ணுங்கள். இன்னொன்று, பேச்சு முழுக்க வெளியாரின் எண்களைச் சுற்றியே போனால், அதாவது அரசு, தொழிற்சாலை, பத்திரிகை என்று, உங்கள் அறிக்கை தப்பித்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை மெதுவாகத் திருப்பி விடுங்கள்: “நம் முதல் பக்கத்துக்கு வருவோமா?”

புத்தகத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, மெயிலில் அல்ல, முதல் கூட்டத்தில். உதாரணங்கள் எழுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா. 1924-இல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களின் சராசரி வருமானம் 25,111 டாலர் என்ற செய்தியைத்தான் முதல் அத்தியாயம் பிரித்துப் போடுகிறது. முகவரி தெரிந்தவர்களும் பதில் எழுதத் தயங்காதவர்களும் மட்டும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். டாலரை விட்டுவிட்டு, ‘ரோட்டோரத்து வீடுகளில் மட்டும் நாம் கேட்டு எழுதுகிறோமா, பகலில் கூலிக்குப் போகும் பெண்களின் தோட்டம் நம் பதிவேட்டில் இருக்கிறதா?’ என்று கேட்டால் அந்த அத்தியாயம் கோத்தகிரிக்கு வந்துவிடும். மாதிரி எத்தனை பேர் இருக்க வேண்டும், வேறுபாடு தற்செயலா இல்லையா என்பதற்கு இந்தப் புத்தகத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. அதற்குப் புள்ளியியல் தெரிந்த ஒருவரை ஒருநாள் அழைத்துத்தான் ஆக வேண்டும்.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. எண்களைச் சந்தேகிக்கக் கற்றுத்தந்த இதே ஹஃப், 1965-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சிகரெட் கம்பெனிகளுக்குச் சாதகமாகப் பேசினார். புகைப்பதும் நோயும் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்ற வாதத்தை, அதாவது நாம் இரண்டாம் வாரம் படிக்கப்போகும் அதே வாதத்தை, அங்கே கொண்டுபோய் வைத்தார். அதற்கு ஒரு வருடம் முன்பே அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று சான்றுகளைத் தொகுத்துச் சொல்லியிருந்தது. குழுவில் ஒருவர் இரண்டாம் வாரத்தில், “அப்படியானால் எந்தப் பயிற்சியாலும் எதுவும் நடந்தது என்று சொல்லவே முடியாதா?” என்று கேட்கக்கூடும். அப்போது இதைச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்பதோடு நின்றால் அது யாருக்கும் வேலை செய்யும். எந்தத் தகவல் கிடைத்தால் இந்தச் சந்தேகம் தீரும் என்ற அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். பயிற்சி பெறாத ஊரின் மே மாத எடை, கவாத்து செய்த வருடம், போன வருடப் பதிவேடு. இவை மூன்றும் கைக்கு வந்தால் முழு உறுதி வராது, ஆனால் ‘கூடியது’ என்பதற்கும் ‘நம்மால் கூடியது’ என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியும்.

மூன்று வாரத்தில் எட்டுப் பேரும் புள்ளியியல் கற்றுவிட மாட்டார்கள். நான் உறுதியாக எதிர்பார்ப்பது ஒரே ஒரு வரி மாறுவதை. அடுத்த அறிக்கையில் ‘சராசரி விலை ரூ. 21’ இருந்த இடத்தில் இப்படி வர வேண்டும்: ‘இந்த ஊரில் 9 பேர் 2,700 கிலோ கொடுத்தனர். 6 பேருக்குக் கிலோ 18 ரூபாய், தரம் பார்த்துப் பறித்துக் கொடுத்த 3 பேருக்கு 24 ரூபாய். எடையைச் சேர்த்துக் கணக்கிட்டால் கிலோ 19 ரூபாய். இலை கொடுக்காதவர்கள் இதில் சேரவில்லை.’ அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அன்று கேள்வி கேட்டவரின் வீட்டுக்கு ஒரு களப்பணியாளர் போய் இதை வாசித்துக் காட்டி, அவர் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டு வரட்டும்.